நெல் கொள்முதலிலிருந்து ஆய்வகத்துக்கு: ஒரே நிறுவனத்தில் துறை மாறுவதற்குக் கடிதம் எழுதும் முறை

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு தனியார் அரிசி ஆலையில் நெல் கொள்முதல் மேற்பார்வையாளராக 4 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அதே ஆலையின் தரக் கட்டுப்பாட்டுத் துறைக்கு நான் மாறினேன். அதற்காக இரண்டு முறை கடிதம் எழுத நேர்ந்தது. முதல் கடிதம் 9 வாரங்கள் பதிலின்றிக் கிடந்து, பரிசீலிக்க இயலவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பியது. அடுத்த ஆண்டு எழுதிய கடிதத்துக்கு 18 நாட்களில் உத்தரவு வந்தது. இடைப்பட்ட காலத்தில் நான் புதிதாக எதுவும் படிக்கவில்லை. வேதியியல் பட்டமும் அனுபவமும் முன்பிருந்தவைதாம். கடிதத்தை எழுதிய விதமும் கொடுத்த காலமும் மட்டுமே மாறியிருந்தன.

முதல் முறை நான் செய்த தவறு, வெளி நிறுவனங்களுக்கு அனுப்பி வைத்திருந்த கவர் லெட்டரை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்ததுதான். வெளியிலிருந்து வருபவரின் கடிதத்தை, அவரைத் தேர்ந்தெடுப்பவர் மட்டுமே படிக்கிறார். உள்ளிருந்து எழுதுபவரின் கடிதத்தை அவரைப் பெறப்போகும் துறைத் தலைவரும் படிக்கிறார், இழக்கப்போகும் துறைத் தலைவரும் படிக்கிறார். இரண்டாமவர் கையெழுத்திடாமல் எதுவும் நகராது. அவருக்கென்று என் முதல் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு புரிதலிலிருந்து வந்தவை.

1. நீங்கள் கேட்பது எந்த மாற்றம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

துறை மாற்றம் வேறு, இடமாற்றம் வேறு. மன்னார்குடி கிளையிலிருந்து கும்பகோணம் கிளைக்குக் குடும்பக் காரணமாக மாற விரும்பினால், அதற்கு ஒரு கோரிக்கை மனு போதும். அதில் காரணம்தான் முக்கியம். துறை மாற்றத்தில் உங்கள் சொந்தக் காரணத்துக்கு எடை குறைவு. அந்தத் துறையின் வேலையை உங்களால் செய்ய முடியும் என்பதைக் கடிதம் காட்டியாக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், வீட்டுக்கு அருகில் வருவதற்காகவே துறையைக் கேட்கிறார் என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார்.

அடுத்து, உங்கள் சம்பளச் சீட்டில் உள்ள நிறுவனப் பெயரும் காலிப்பணி அறிவிப்பில் உள்ள நிறுவனப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே முதலாளியின் அரிசி ஆலையும் மாட்டுத்தீவன ஆலையும் ஒரே வளாகத்தில் இருக்கலாம். ஆனால் அவை தனித்தனி நிறுவனங்களாகப் பதிவாகியிருக்கலாம். அப்படியானால் நீங்கள் கேட்பது துறை மாற்றம் அன்று. ஓரிடத்தில் விலகி மற்றோரிடத்தில் சேர்வதாகவே கணக்கு எழுதப்படக்கூடும். வருங்கால வைப்பு நிதியில் உங்கள் UAN எண் அதேதான் இருக்கும் என்றாலும், புதிய நிறுவனத்தின்கீழ் வேறு உறுப்பினர் கணக்கு தொடங்கும். பழைய தொகையை அதற்கு மாற்ற வேண்டும். பணிக்கொடைக்கு நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டுகள் தொடர்பணி காட்ட வேண்டியிருப்பதால், நான்காவது ஆண்டில் இப்படி மாறுகிறவர் சேர்த்த ஆண்டுகளை இழக்க நேரலாம். பழைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும் என்ற வாசகம் மாற்ற உத்தரவில் இருக்க வேண்டும் என்று, கடிதம் கொடுப்பதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் பேசி வையுங்கள்.

2. அறுவடையைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

நான் முதல் கடிதத்தைக் கொடுத்தது தை மாதத்தில். நீடாமங்கலம், பாபநாசம் பக்கமெல்லாம் சம்பா அறுவடை மும்முரமாக இருந்தது. ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது, அந்த லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த மேற்பார்வையாளனே தன்னை விடுவிக்கும்படி கேட்டால் யார் இசைவார்கள்? ஆய்வகத்திலும் அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு வரும் மாதிரிகளைச் சோதித்து முடிக்கவே ஆள் போதாது. புதியவருக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

டெல்டாவில் நெல்லோடு தொடர்புள்ள எந்த நிறுவனத்திலும் இரண்டு நெருக்கடிக் காலங்கள் உண்டு. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டால், குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பாவும் தாளடியும் ஜனவரி தொடங்கி மார்ச் வரை இழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரையிலான காலமே கடிதத்துக்கு உகந்தது. ஏப்ரலில் கொடுத்தால் மே மாதத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். பொறுப்பை ஒப்படைக்கவும் புதிய வேலையைக் கற்கவும் குறுவை நெல் வரும்வரை 3 மாதங்களுக்குமேல் கிடைக்கும்.

அறிவிப்பே அறுவடை நேரத்தில் வந்து, கடைசி நாளும் அதற்குள்ளேயே முடிந்தால், தள்ளிப்போடாமல் விண்ணப்பித்துவிடுங்கள். ஆனால் பருவம் முடிந்த பிறகே பணியில் சேர விரும்புகிறேன் என்பதைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் தற்போதைய தலைவர் படிக்க விரும்பும் வரி அதுதான்.

3. உங்கள் துறைத் தலைவர் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன் செய்தியைக் கேட்டிருக்க வேண்டும்

முதல் முறை நான் மின்னஞ்சலில் நேராக மனிதவளத் துறைக்கு அனுப்பினேன். அன்று மாலையே அது என் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் என்மீது கோபப்படவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் கேட்டார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் நெல்லைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இரண்டாம் முறை, கடிதம் எழுதுவதற்கு 2 வாரங்களுக்கு முன்பே, கொள்முதல் கணக்கு முடித்த ஒரு மாலையில் அவரிடம் பேசினேன். அனுமதி கேட்பதைவிட முக்கியமாக, நான் போனால் அவருக்கு எங்கே இடிக்கும் என்பதை விசாரித்தேன். என் பகுதியின் 11 கிராமங்களையும் அங்குள்ள தரகர்களையும் அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதும், விவசாயிகளிடம் கொடுத்திருந்த காலிச் சாக்குகளின் கணக்கு என் பதிவேட்டில் மட்டும் இருந்தது என்பதும்தாம் அவருடைய கவலைகள். இந்த இரண்டுமே பின்னர் என் கடிதத்தின் ஒப்படைப்புப் பத்தியாக மாறின.

தலைவர் மறுத்தால், மறுப்புக்கான காரணத்தைக் கேட்டுக்கொண்டு திரும்புங்கள். காரணம் ஆள் பற்றாக்குறை என்றால் அதற்குக் கடிதத்தில் விடை சொல்ல முடியும். கடிதத்தை மேலே அனுப்பாமல் வைத்துக்கொள்வார் என்று தோன்றினால், அவர் வழியாக ஒரு படியும், மனிதவளத் துறைக்கு நேராக முன்நகலாக ஒரு படியும் கொடுக்க உங்கள் நிறுவன விதிகள் இடம் தருகின்றனவா என்று பாருங்கள். முன்நகல் கொடுப்பதை அவரிடம் மறைக்காதீர்கள்.

4. ஆவணங்களும் செலவும்

பணி நியமன ஆணை, பணி உறுதி ஆணை, கடைசி 2 ஆண்டுகளின் பணி மதிப்பீட்டுப் படிவங்கள், கல்விச் சான்றுகளின் நகல், காலிப்பணி அறிவிப்பின் நகல் ஆகியவை போதும். நியமன ஆணையில் துறை மாற்றம் பற்றிய விதி இருக்கிறதா என்று ஒரு முறை படியுங்கள். எத்தனை ஆண்டுப் பணிக்குப் பின் மாற்றம் கேட்கலாம் என்ற வரம்பு பல நிறுவனங்களில் உண்டு.

நகல் எடுக்கும் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. உண்மையான செலவு சம்பளத்தில் இருக்கிறது. கொள்முதலில் எனக்குக் கிடைத்துவந்த களப்படியும் பெட்ரோல் படியும் சேர்ந்து மாதம் ரூ. 3,500. ஆய்வகத்துக்கு வந்த மாதமே இரண்டும் நின்றுபோயின. அடிப்படைச் சம்பளம் குறையவில்லை என்றாலும், வீட்டுக் கணக்கில் அது பெரிய தொகை. தேர்வான பிறகு இதைக் காரணம் காட்டிப் பின்வாங்கினால் இரண்டு துறைகளிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. ஆகவே சம்பளச் சீட்டை எதிரில் வைத்து, எந்தெந்த வரிகள் இப்போதைய துறையைச் சார்ந்தவை என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கேள்விகளை மனிதவளத் துறையிடம் நேரில் கேளுங்கள். கடிதத்தில் சம்பளப் பேச்சு வேண்டாம்.

5. சரிபார்க்கக்கூடிய ஒரு சான்றைத் தேடி எடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். உள்ளிருந்து எழுதும்போது, நீங்கள் சொல்லும் எதையும் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துவிடுவார்கள். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன் போன்ற சொற்களைச் சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. எனவே அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நிறுவனத்தின் பதிவேட்டிலேயே இருக்கும் ஓர் எண்ணைச் சொன்னால் நின்று படிப்பார்கள். அந்த எண் பழைய துறையில் பிறந்ததாகவும் புதிய துறைக்குப் பொருள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

என் விஷயத்தில் அது ஈரப்பதம். வயலில் நான் கருவியில் பார்த்த ஈரப்பதமும் ஆலை வாசலில் ஆய்வகம் பார்த்த ஈரப்பதமும் அடிக்கடி மாறின. அரசு கொள்முதலில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். எங்கள் ஆலையும் அதை ஒட்டியே விலை வைத்திருந்தது. ஈரம் ஒரு சதவீதம் கூடினால், 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 1.2 கிலோ தண்ணீருக்கு ஆலை பணம் கொடுக்கிறது என்று பொருள். வாசலில் கூடுதலாகத் தெரிந்தால் விவசாயியின் தொகையைப் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு ஊருக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான்.

காரணம் என்னவென்று நான் தேடிப் பார்த்ததில், மாதிரி எடுக்கும் விதத்தில் பிழை இருந்தது தெரிந்தது. சாக்கின் வாயைப் பிரித்து மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துவந்தோம். களத்தில் காய்ந்த மேல்நெல்தான் அதில் கிடைக்கும். தைப்பனியில் தரையோடு கிடந்த நெல்லின் ஈரம் சாக்கின் நடுவிலும் அடியிலும் இருக்கும். குத்தூசியால் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் எடுத்துக் கலந்து சோதிக்கத் தொடங்கினேன். வாரம் ஒரு முறை என் கருவியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அடுப்பில் உலர்த்திக் கணக்கிடும் முறையோடு ஒப்பிட்டேன். முந்தைய சம்பாவில் நான் அனுப்பிய 148 லோடுகளில் 37 லோடுகளில் வாசல் அளவு ஒரு சதவீதத்துக்குமேல் வேறுபட்டிருந்தது. அடுத்த சம்பாவில் 156 லோடுகளில் அப்படி வேறுபட்டவை 14 மட்டுமே. இவை அனைத்தும் நுழைவாயில் பதிவேட்டில் இருந்தவை. நான் செய்தது எண்ணிப் பார்த்தது மட்டும்தான்.

உங்கள் வேலையிலும் இப்படி ஒன்று இருக்கும். இரண்டு துறைகளும் உரசிக்கொள்ளும் இடத்தில் தேடுங்கள். கணக்குத் துறைக்கு மாற விரும்பும் கிடங்குப் பணியாளருக்கு, இருப்புக்கும் பதிவுக்கும் வந்த வித்தியாசம் அந்த இடமாக இருக்கலாம். எண்ணைக் கடிதத்தில் எழுதுவதற்கு முன், அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

6. கடிதம்

ஒரு பக்கத்துக்குமேல் போகக் கூடாது. அறிவிப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுவது நல்லது. எங்கள் அறிவிப்பு தமிழில் ஒட்டப்பட்டிருந்ததால் தமிழிலேயே எழுதினேன். பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு, அந்தக் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர்), பணியாளர் எண் …, மேற்பார்வையாளர், நெல் கொள்முதல் துறை.

பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை.

வழி: தலைவர், நெல் கொள்முதல் துறை.

பொருள்: தரக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வக உதவியாளர் பணிக்குத் துறை மாற்றம் கோருதல் தொடர்பாக.

பார்வை: உள் அறிவிப்பு எண் …, நாள் ….

ஐயா,

பார்வையில் காணும் அறிவிப்பின்படி, தரக் கட்டுப்பாட்டுத் துறையில் ஆய்வக உதவியாளர் பணிக்கு என்னைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நெல் கொள்முதல் துறையில் 4 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றுள்ளேன்.

கடந்த இரண்டு சம்பா பருவங்களில், என் பகுதியிலிருந்து வந்த நெல்லின் வயல் ஈரப்பதத்தையும் நுழைவாயில் ஈரப்பதத்தையும் ஒப்பிட்டுவந்தேன். குத்தூசியால் மூன்று நிலைகளில் மாதிரி எடுக்கும் முறைக்கு மாறிய பின், ஒரு சதவீதத்துக்குமேல் வேறுபட்ட லோடுகள் 148இல் 37 என்பதிலிருந்து 156இல் 14 ஆகக் குறைந்தன. இதன் விவரம் நுழைவாயில் பதிவேட்டில் உள்ளது. மாதிரி எடுத்தல், கருக்காய், பதர், நிறம் மாறிய நெல் ஆகியவற்றைப் பிரித்துக் கணக்கிடுதல் ஆகியவற்றில் எனக்குப் பழக்கம் உண்டு. சோதனை அரவையிலும், முழு அரிசி, நொய் விகிதம் கணக்கிடுவதிலும் எனக்கு அனுபவம் இல்லை. அவற்றில் பயிற்சி பெற வேண்டும்.

வயலில் மாதிரி எடுக்கும்போது நேரும் பிழைகளை அறிந்தவன் என்ற முறையில், கொள்முதல் பணியாளர்களுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே எழும் அளவு வேறுபாடுகளைத் தீர்ப்பதில் உதவ முடியும் என்று நம்புகிறேன்.

என் பொறுப்பில் உள்ள 11 கிராமங்களின் விவசாயிகள், தரகர்கள், எடைமேடைகள் பற்றிய குறிப்பேட்டைத் தயாரித்துள்ளேன். சாக்குக் கணக்கையும் நிலுவைப் பட்டியலையும் மே 15க்குள் முடித்து ஒப்படைப்பேன். எனக்குப் பதிலாக வருபவருடன் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு முறை சென்று அறிமுகம் செய்துவைப்பேன். வரும் குறுவைக் கொள்முதலில் தேவைப்பட்டால், இரு துறைத் தலைவர்களும் இசையும் நாட்களில் களத்துக்குச் செல்ல ஆயத்தமாக உள்ளேன். விடுவிக்கும் நாளை என் துறைத் தலைவரின் முடிவுக்கு விடுகிறேன்.

இணைப்பு: பணி உறுதி ஆணை, மதிப்பீட்டுப் படிவங்கள், பட்டச் சான்று ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு, (கையொப்பம், நாள்)

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். ஆய்வகத் தலைவர் நேர்காணலில் முதலில் கேட்டதே சோதனை அரவையைப் பற்றித்தான். கடிதத்திலேயே சொல்லியிருந்ததால் பேச்சு நேராக எத்தனை வாரப் பயிற்சி வேண்டும் என்பதற்குப் போயிற்று. அடுத்தது ஒப்படைப்புப் பத்தி. கடிதத்திலேயே நீளமான பத்திகளில் ஒன்றாக அது இருப்பது தற்செயல் அன்று. என் தலைவர் அந்தப் பத்தியின் ஓரத்தில் கோடிட்டு, "பரிந்துரைக்கிறேன், ஜூன் முதல் தேதி" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

7. கடிதத்தில் வரக் கூடாதவை

தற்போதைய துறையைப் பற்றிய குறை ஒன்றுகூட வரக் கூடாது. வெயிலில் அலைய முடியவில்லை, மேலாளருடன் ஒத்துப்போகவில்லை என்பன உண்மையாகவே இருந்தாலும், அந்தக் கடிதத்தை உங்கள் மேலாளர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. உண்மையான முறைகேடு அல்லது தொல்லை நடந்திருந்தால், அதற்கு முறையீட்டு மனு தனியாக உண்டு; துறை மாற்றக் கடிதத்தில் அதை ஒரு வரியாக வைத்தால் முறையீடும் விசாரிக்கப்படாது, மாற்றமும் கிடைக்காது.

போகும் துறையில் நண்பர் சொன்ன உள்விஷயங்களையும் எழுதாதீர்கள். அங்கே ஒருவர் விலகப்போகிறார் என்பது அறிவிப்பில் இல்லாமல் உங்கள் கடிதத்தில் இருந்தால், சங்கடம் அந்த நண்பருக்கு. சேரும் தேதியை நீங்களாக உறுதியாகக் குறிப்பதும் கூடாது; கணக்கை முடிக்கும் தேதியைச் சொல்லுங்கள், விடுவிக்கும் தேதியைத் தலைவர் சொல்லட்டும்.

8. கொடுத்த பிறகு

கடிதத்தின் உங்கள் படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 10 வேலை நாட்கள் கழித்து மனிதவளத் துறையில் ஒரு முறை நேரில் கேட்கலாம். அதற்கு முன் கேட்பதில் பயனில்லை. வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பிப் புதிய துறையில் போய் உட்காராதீர்கள். உத்தரவு வந்ததும் அதில் பதவிப் பெயர், அடிப்படைச் சம்பளம், நடைமுறைக்கு வரும் நாள், பணித்தொடர்ச்சி, புதிய துறையில் தகுதிகாண் காலம் உண்டா, அதில் தேறாவிட்டால் பழைய துறைக்குத் திரும்பலாமா ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். என் உத்தரவில் பணித்தொடர்ச்சி பற்றிய வரி விடுபட்டிருந்தது. கேட்டதும் அன்றே சேர்த்துத் தந்தார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டிருந்தால் அத்தனை எளிதாக இருந்திருக்காது.

ஒப்படைப்பை எழுத்தில் செய்யுங்கள். ஈரப்பதக் கருவி, குத்தூசி, எடைக்கற்கள், முன்பணம், சாக்குகள் என்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு பட்டியலிட்டு, பெறுபவரின் கையெழுத்தை வாங்குங்கள். என் சாக்குக் கணக்கில் 64 சாக்குகள் இடித்தன. இரண்டு கிராமங்களுக்கு மறுபடி சென்று, ஒரு விவசாயியின் மாட்டுக்கொட்டகைப் பரணிலிருந்து 40 சாக்குகளைத் திரும்பப் பெற்றேன். மீதி 24 சாக்குகளுக்கான தொகையை என் மே மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்த பிறகே விடுவிப்பு ஆணை கைக்கு வந்தது. ஆகவே கடிதம் எழுதத் தொடங்கும் வாரத்திலேயே சாக்குகளை எண்ணத் தொடங்கிவிடுங்கள்.